ஒரு டாலரும் மூன்று இடர்ப்பாடுகளும்

டாலரின் விலை ஏறியது, இறங்கியது என்ற செய்தியை நாள்தோறும் வானொலியில் கேட்கிறோம். அது பெரிய வங்கிகளுக்கும் அரசாங்கத்துக்கும் உரிய செய்தி என்று எண்ணி விட்டுவிடுகிறோம். ஆனால் திருப்பூரில் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்துக்கு அந்தச் செய்தி மூன்று வெவ்வேறு வழிகளில் வந்து சேருகிறது. வணிகவியல் வகுப்பில் இம்மூன்றையும் படித்தபோது முதலில் நாங்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டோம். ஒரே நிறுவனத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே வேறுபாடு விளங்கியது. அந்தக் கணக்கையே இங்கே தருகிறோம். நிறுவனம் கற்பனை, டாலரின் விலைகள் அந்தந்த ஆண்டுகளில் ஏறத்தாழ உண்மையாக இருந்தவை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘எக்ஸ்போஷர்’ என்று பாடநூல் கூறுவதை நாம் இடர்ப்பாடு என்கிறோம். அது நட்டத்தைக் குறிப்பதன்று. களத்தில் நெல்லைக் காயப்போட்டிருக்கிறோம். மேலே கூரை இல்லை. மழை வந்தால் நனையும், வராவிட்டால் நன்றாகக் காயும். அவ்வாறு திறந்து கிடக்கும் நிலைதான் இடர்ப்பாடு. டாலரின் விலை மாறினால் நமது நிறுவனத்தின் எந்தப் பொருள் நனையும் என்று கேட்பதே இந்தப் பாடம்.

பரிவர்த்தனை இடர்ப்பாடு

2007ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு டாலர் ஏறத்தாழ 44 ரூபாய். அமெரிக்க வியாபாரி ஒருவர் நமது நிறுவனத்திடம் 10,000 பனியன்கள் கேட்கிறார். விலை ஒன்றுக்கு 4 டாலர். மொத்தம் 40,000 டாலர். அன்றைய விலையில் இது 17,60,000 ரூபாய். நூல், பின்னல், சாயம், தையல், கூலி, பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு பனியனுக்கு அடக்கம் 167 ரூபாய். மொத்தம் 16,70,000 ரூபாய். ஆகவே 90,000 ரூபாய் ஆதாயம் வரும் என்று முதலாளி ஆர்டரை ஏற்றுக்கொள்கிறார்.

ஆனால் பணம் உடனே கைக்கு வருவதில்லை. துணி பின்னிச் சாயமேற்றித் தைத்து முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. மார்ச் இறுதியில் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு கப்பலேறுகிறது. அதன்பின் 60 நாள் தவணை. மே மாத இறுதியில் 40,000 டாலரும் குறையாமல் வருகிறது. வாங்கியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அதற்குள் டாலர் 41 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. வங்கி கொடுப்பது 16,40,000 ரூபாய். எதிர்பார்த்ததில் 1,20,000 ரூபாய் குறைவு. 90,000 ரூபாய் ஆதாயம் போய், 30,000 ரூபாய் நட்டம் நிற்கிறது. தையலில் ஒரு பிழையும் இல்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை.

விலை பேசி முடித்த நாளுக்கும் பணம் வந்து சேரும் நாளுக்கும் இடையே உள்ள இந்த ஆபத்துதான் பரிவர்த்தனை இடர்ப்பாடு. இதில் நாங்கள் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகம் இதை முழுமையாகக் காட்டுவதில்லை. சரக்கு அனுப்பிய மார்ச் இறுதியில்தான் விற்பனை பதிவாகிறது. அன்று டாலர் 43 ரூபாய் 50 காசு. எனவே புத்தகத்தில் நாணய மாற்று நட்டமாகத் தெரிவது டாலருக்கு இரண்டரை ரூபாய் வீதம் 1,00,000 ரூபாய் மட்டுமே. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே போன 20,000 ரூபாய், விற்பனைத் தொகை குறைந்ததுபோல் சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது. ஆகவே இடர்ப்பாடு தொடங்குவது பில் எழுதும் நாளில் அன்று. விலையை ஒப்புக்கொண்ட நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

இதற்கு மருந்து உண்டு. ஆர்டர் ஏற்ற அன்றே வங்கிக்குச் சென்று, “மே இறுதியில் 40,000 டாலர் தருகிறோம், இன்று பேசும் விலையில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இதற்கு முன்பேர ஒப்பந்தம் என்று பெயர். அந்த விலை 44 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால், 90,000 ரூபாய் ஆதாயம் அன்றே உறுதியாகிவிடும். ஆனால் டாலர் 46 ரூபாய்க்கு ஏறினாலும் நமக்கு 44 ரூபாய்தான் கிடைக்கும். வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டாலும் வங்கிக்குக் கொடுத்த வாக்கு ரத்தாகாது. ஆகவே நிச்சயமான ஆர்டர் உள்ள அளவுக்கு மட்டுமே இம்மருந்தை உட்கொள்ள வேண்டும்.

கணக்குப் பெயர்ப்பு இடர்ப்பாடு

நமது நிறுவனம் அமெரிக்காவில் தன் பெயரில் ஒரு துணை நிறுவனம் வைத்துச் சிறு கிட்டங்கி நடத்துகிறது என்று கொள்வோம். கட்டடம், சரக்கு, ரொக்கம் எல்லாம் 1,60,000 டாலர். அங்கே கொடுக்க வேண்டிய கடன் 60,000 டாலர். நிகர மதிப்பு 1,00,000 டாலர். அங்குள்ள கணக்கு டாலரில் எழுதப்படுகிறது. மார்ச் 31ஆம் தேதி திருப்பூர் நிறுவனத்தின் மொத்தக் கணக்கோடு அதைச் சேர்க்கும்போது ரூபாய்க்கு மாற்ற வேண்டும். ஒரு மொழியில் உள்ள நூலை மற்றொரு மொழியில் பெயர்ப்பதுபோல, ஒரு நாணயத்தில் உள்ள கணக்கை வேறு நாணயத்தில் பெயர்க்கிறோம்.

2007 மார்ச் 31இல் டாலர் 43 ரூபாய் 50 காசு. கிட்டங்கியின் மதிப்பு 43,50,000 ரூபாய். 2008 மார்ச் 31இல் டாலர் 40 ரூபாய். மதிப்பு 40,00,000 ரூபாய். மூன்றரை லட்சம் குறைந்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு செங்கல் பெயரவில்லை. ஒரு பனியன் காணாமற் போகவில்லை. எவரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. நூல் அதேதான், பெயர்ப்புதான் சுருங்கியது. அதனாலேயே இத்தகைய துணை நிறுவனத்தின் பெயர்ப்பு வேறுபாட்டைக் கணக்காளர்கள் அவ்வாண்டின் இலாப நட்டத்தில் கலக்காமல், ஐந்தொகையில் தனியொரு காப்பு நிதியாக எழுதுகிறார்கள்.

இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். மார்ச் 31இல் வசூலாகாமல் நிற்கும் 40,000 டாலர் பில்லும் அன்றைய விலையில் ரூபாய்க்கு மாற்றப்படுகிறதே, அதுவும் பெயர்ப்புத்தானே என்று எழுதிவிட்டோம். அன்று. அந்தப் பில் இரண்டு மாதத்தில் பணமாக வரப்போகிறது. அதன் வேறுபாடு இலாப நட்டக் கணக்குக்கே போகும். அது பரிவர்த்தனை இடர்ப்பாடு. ஒரே நாளில், ஒரே விலையில் மாற்றப்பட்டாலும் இரண்டும் ஒன்றல்ல. ‘இது பணமாக நம் வங்கிக்கு வரப்போகிறதா?’ என்று கேட்டால் போதும்.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் என்ன ஆகும்? காகிதத்தில் குறைந்த மதிப்பைக் கண்டு அஞ்சி, 2008 மார்ச்சில் முதலாளி 1,00,000 டாலரை ஓராண்டுக்குப் பின் 40 ரூபாய்க்கு விற்பதாக முன்பேர ஒப்பந்தம் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் உலகெங்கும் நிதி நெருக்கடி வந்தது. 2009 மார்ச் இறுதியில் டாலர் ஏறத்தாழ 51 ரூபாய். ஒப்பந்தத்தை முடிக்க டாலருக்கு 11 ரூபாய் வீதம் 11 லட்சம் ரூபாயை ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். கிட்டங்கியின் மதிப்பும் 11 லட்சம் கூடியது உண்மையே. ஆனால் அது காகிதத்தில். அதைக் கொண்டு ஒருவருக்கும் கூலி கொடுக்க இயலாது. காகித நட்டத்துக்குப் பயந்து கைப்பணத்தை இழப்பது இதுதான்.

இதனால் பெயர்ப்பு இடர்ப்பாட்டை முற்றிலும் அலட்சியம் செய்யலாம் என்பதில்லை. சொந்த மூலதனம் கடனுக்கு இத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று கடன் கொடுத்த வங்கி நிபந்தனை போட்டிருந்தால், காகித மதிப்புக் குறைவே அந்த நிபந்தனையை மீறச் செய்துவிடும். அப்படி ஓர் நிபந்தனை உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள சொத்துக்கு அங்கேயே டாலரில் கடன் வாங்கினால், நிகர மதிப்புக் குறைந்து இடர்ப்பாடும் குறையும்.

பொருளாதார இடர்ப்பாடு

மூன்றாவது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. 2007 அக்டோபரில் டாலர் 40 ரூபாய்க்கும் சற்றுக் கீழே இறங்கிவிட்டது. கணக்குக்கு 40 என்றே கொள்வோம். பழைய 4 டாலர் விலைக்கு இப்போது 160 ரூபாய்தான் வரும். அடக்கமோ 167 ரூபாய். முன்போல் 176 ரூபாய் வர வேண்டுமானால் 4 டாலர் 40 சென்ட் கேட்க வேண்டும். கேட்கிறோம். வாங்குபவர் டாக்காவிலிருந்து வந்த விலைப்பட்டியலைக் காட்டுகிறார்: அங்கே 4 டாலர். அவ்வாண்டு முழுவதும் வங்காளதேச நாணயமான டாக்கா ஒரு டாலருக்கு 69 என்ற அளவிலேயே அசையாமல் நின்றது. ஆகவே அந்த ஊர் ஆலைக்கு 4 டாலருக்கு முன்பு கிடைத்த அதே 276 டாக்கா இப்போதும் கிடைக்கிறது. ஆர்டர் அங்கே போய்விடுகிறது.

வராத ஆர்டருக்குப் பில் இல்லை. பில் இல்லாததால் நட்டம் என்று எழுத இடமும் இல்லை. இரவு ஷிப்டு நின்றுபோவதில்தான் அது தெரியும்.

“இனி ரூபாயிலேயே விலை பேசிவிட்டால்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். பரிவர்த்தனை இடர்ப்பாடு நீங்கிவிடும் என்பது சரியே. ஆனால் 176 ரூபாய் கொடுக்க அமெரிக்கருக்கு 4 டாலர் 40 சென்ட் தேவைப்படும். அவர் அப்போதும் டாக்காவுக்கே போவார். பொருளாதார இடர்ப்பாடு, எந்த நாணயத்தில் பில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்ததன்று. நமது செலவு எந்த நாணயத்தில் ஆகிறது, போட்டியாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பவற்றைப் பொறுத்தது.

டாலர் இறங்கும்போது ஓரளவு ஆறுதலும் கிடைக்கும். 167 ரூபாய் அடக்கத்தில் ஒரு டாலர் அளவுக்கு வெளிநாட்டுச் சாயமும் ஜிப்பும் இருந்தால், அந்தப் பங்கு 44 ரூபாயிலிருந்து 40க்கு இறங்கும். அடக்கம் 163 ஆகும். ஆனால் வரவு 176இலிருந்து 160க்குக் குறைந்திருக்கிறது. செலவில் 4 ரூபாய் மிச்சம், வரவில் 16 ரூபாய் குறைவு. கூலியும் மின்சாரமும் ரூபாயிலேயே இருப்பதால் இடைவெளி மூடவில்லை.

இதற்கு வங்கியில் மருந்து இல்லை. முன்பேர ஒப்பந்தம் கையில் உள்ள ஆர்டரைக் காக்கும். அடுத்த ஆண்டு ஆர்டரைக் கொண்டுவராது. வாங்குபவர்களை ஒரே நாணயத்தில் வைத்துக்கொள்ளாதிருப்பது ஒரு வழி. 2007இல் டாலர் இவ்வளவு இறங்கியபோதும், நடுவில் சற்று ஏறி இறங்கினாலும், யூரோ ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறத்தாழ 58 ரூபாயாகவே இருந்தது. விலையை மட்டும் பார்த்து வாங்காத சரக்கை, சிறு எண்ணிக்கையில் விரைந்து தருவது மற்றொரு வழி. இரண்டுக்கும் ஆண்டுகள் பிடிக்கும். டாலர் இறங்கிய பின் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

ஆக, டாலரின் விலை மாறும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பேசி முடித்து இன்னும் வராத பணம் எவ்வளவு? அது பரிவர்த்தனை. வெளிநாட்டில் உள்ள சொத்தின் மதிப்பு நம் புத்தகத்தில் எவ்வளவு மாறும்? அது பெயர்ப்பு. அடுத்த ஆர்டர் நமக்கு வருமா? அது பொருளாதாரம். முதற் கேள்விக்கு விடை பில் கட்டில் இருக்கிறது. இரண்டாவதற்கு ஐந்தொகையில் இருக்கிறது. மூன்றாவதற்குரிய விடை எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் இரவு ஷிப்டுக்குப் போகும் தாயோ தமக்கையோ உள்ள வீட்டில், முதலில் தெரியவருவது அந்த மூன்றாவது விடைதான்.