சம்பளத்தைப் பிரிக்கும் முன்னாடி, அந்தக் கடிதத்தை ஒரு தடவை ஊழியர் கண்ணால் படிங்க

கடை வைத்திருக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று: "ஆட்கள் ஒழுங்கா வர மாட்டேங்கறாங்க. வருகை ஊக்கத்தொகை வைக்கலாம்னு இருக்கேன், ஊழியர்களுக்கு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் கொடுங்க சார்." லெட்டர் எழுதுவது அரை மணி நேர வேலை. அதுக்குள்ளே இருக்கிற கணக்கு தப்பாக இருந்தால், எவ்வளவு அழகாக எழுதினாலும் அது ஊழியர்களுக்குச் சம்பள வெட்டு நோட்டீஸாகத்தான் தெரியும்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. ஊழியர்கள் 14 பேர். எல்லோருக்கும் மாதம் 13,500 ரூபாய், ஒரே தொகையாக. முகூர்த்த நாள், ஞாயிற்றுக்கிழமை என்று கூட்டம் வரும் நாளில்தான் மூணு பேர் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். சேலைப் பிரிவில் எடுத்துக் காட்ட ஆள் இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போவதை முதலாளி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அவர் தானே ஒரு கடிதம் எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார். சாரம் இதுதான்: அடுத்த மாதத்திலிருந்து அடிப்படைச் சம்பளம் 12,000, வருகை ஊக்கத்தொகை 1,500. மாதம் முழுக்க வந்தால் பழையபடி 13,500 கிடைக்கும். ஒரு நாள் வராவிட்டாலும் ஊக்கத்தொகை கிடையாது.

"யாருக்கும் நஷ்டம் இல்லையே சார், ஒழுங்கா வந்தா அதே சம்பளம்தானே?" என்றார். ஆனால் கடையில் 11 வருஷமாக வேலை பார்க்கிற ஒரு அக்கா அன்றைக்கே அவரிடம் கேட்டுவிட்டார்: "அண்ணாச்சி, அப்போ ஒரு நாள் லீவுக்கு நாலு நாள் சம்பளம் போகுமா?"

அந்த அக்கா போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். இந்தக் கடையில் ஒரு நாள் சம்பளத்தை 26-ஆல் வகுத்து எடுக்கிறார்கள். பழைய முறையில் ஒரு நாள் வராவிட்டால் 13,500-ஐ 26-ஆல் வகுத்து 519 ரூபாய் போகும். புதிய முறையில் 12,000-ஐ 26-ஆல் வகுத்தால் 462, அதோடு ஊக்கத்தொகை 1,500. மொத்தம் 1,962. பழைய கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட நாலு நாள் சம்பளம். அக்கா சொன்னது சரி.

இதைவிட வேடிக்கை அடுத்த வரியில் இருக்கிறது. இரண்டாவது நாளும் வராவிட்டால் எவ்வளவு போகும்? வெறும் 462. பழைய 519-ஐ விடக் குறைவு! அதாவது மாதத்தின் 4-ம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருவர் நின்றுவிட்டால், அதன் பிறகு மாதம் முழுக்க லீவு அவருக்கு முன்பைவிட மலிவு. "எப்படியும் 1,500 போயிடுச்சு, இனி என்ன" என்று மனசு சொல்லும். முதலாளி எதைத் தடுக்க நினைத்தாரோ அதற்கே தள்ளுபடி கொடுத்திருக்கிறார். ஜவுளிக்கடைக்காரர் இல்லையா!

உங்கள் கடையில் ஏற்கெனவே இப்படி ஒரு திட்டம் ஓடுகிறது என்றால் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொருவரும் வராத தேதிகளை ஒரு காலண்டரில் குறியுங்கள். மாத முன்பாதியில் ஒன்றும், பின்பாதியில் கொத்தாக மூணு நாலும் விழுந்திருந்தால், காரணம் ஆட்களின் சோம்பேறித்தனமாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் திட்டமே அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். காய்ச்சலோடு வந்து கவுண்டரில் சாய்ந்து நிற்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்களா என்றும் பாருங்கள். அதுவும் இதே நோயின் இன்னொரு அறிகுறி.

அடுத்தது சட்டம். குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கிடும்போது வருகை ஊக்கத்தொகையைச் சேர்த்துக் காட்ட முடியாது. மாங்கனீஸ் ஓர் நிறுவனத்தின் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது ஊக்கத்துக்காகக் கொடுப்பது, அதனால் குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலேதான் வர வேண்டும். ஆகவே நிலையான தொகை தனியாகவே, உங்கள் தொழிலுக்கு அரசு அறிவித்த அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-க்கும் மாறும். போன வருஷம் சரியாக இருந்த 12,000 இந்த வருஷமும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லீவு விஷயமும் அப்படித்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியருக்கு வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உரிமை உண்டு. நோய்க்கு 12 நாள் தனி. ஒரு கையால் சட்டம் கொடுத்த லீவை எடுத்ததற்காக இன்னொரு கையால் 1,500-ஐப் பிடித்தால், அது வாதத்தில் நிற்காது. அதோடு, தொழிலாளிக்குப் பாதகமாகச் சம்பளத்தை மாற்றுவதாக இருந்தால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, இப்போதைய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் 28-ம் தேதி ஒட்டிவிட்டு 1-ம் தேதி அமல் என்பது வேலைக்காகாது.

நாங்கள் என்ன செய்தோம்? முதலில் ஒட்டிய கடிதத்தைக் கிழிக்கச் சொன்னேன். 13,500 அப்படியே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம், ஊக்கத்தொகை அதற்கு மேலே புதுப் பணமாக வரட்டும் என்றேன். "புதுப் பணமா?" என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 1,200 என்று ஒத்துக்கொண்டார். அதையும் ஒரேயடியாகப் பறிக்காமல், சொல்லாமல் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் 400 குறையும்படி மூணு படியாக்கினோம். இப்போது சொல்லாமல் நிற்கிற முதல் நாளுக்கு 519-உம் 400-உம் சேர்ந்து 919 போகும். இரண்டாம் நாளும் 919, மூன்றாம் நாளும் 919. மாதக் கடைசியிலும் வருவதற்குக் காரணம் மிச்சம் இருக்கிறது. ஒட்டிய கடிதம் இது:

"நம் கடை ஊழியர்கள் அனைவருக்கும்,

நீங்கள் இப்போது வாங்கும் மாதச் சம்பளம் 13,500 ரூபாயில் எந்த மாற்றமும் இல்லை. அதற்கு மேல், அடுத்த மாதம் 1-ம் தேதியிலிருந்து வருகை ஊக்கத்தொகையாக மாதம் 1,200 ரூபாய் வரை தரப்படும்.

முன்கூட்டியே சொல்லாமல் ஒரு நாளும் நிற்காதவர்களுக்கு 1,200. ஒரு நாள் நின்றால் 800. இரண்டு நாள் நின்றால் 400. மூன்று நாளோ அதற்கு மேலோ நின்றால் அந்த மாதம் ஊக்கத்தொகை இல்லை. அடுத்த மாதம் மறுபடி 1,200-லிருந்து தொடங்கும்.

வார விடுமுறை, அரசு மற்றும் பண்டிகை விடுமுறை, முந்தின நாள் கடை மூடுவதற்குள் மேனேஜரிடம் சொல்லி எடுக்கும் தற்செயல் விடுப்பு, மருத்துவச் சான்றுள்ள நோய் விடுப்பு, மகப்பேறு விடுப்பு ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. வீட்டில் துக்கம், விபத்து என்றால் அன்றைக்கே போனில் சொன்னால் போதும்.

சம்பளம் இல்லாத விடுப்புக்கு ஒரு நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கணக்கிடப்படும். இது இப்போதுள்ள முறைதான்.

ஆண்டுச் சம்பள உயர்வும் தீபாவளி போனஸும் இதனால் குறையாது. உங்கள் கணக்கில் சந்தேகம் இருந்தால் 5-ம் தேதிக்குள் கேளுங்கள். பதிவேட்டைக் காட்டி விளக்கப்படும்."

ஆண்டு உயர்வு பற்றிய அந்த வரியை முதலாளி முதலில் எடுத்துவிடச் சொன்னார். நான் விடவில்லை. வழக்கமாக வருகிற உயர்வை நிறுத்திவிட்டு ஊக்கத்தொகை கொடுத்தால், அது பழைய திட்டமேதான். வெட்டு உடனே தெரியாமல் இரண்டு வருஷம் கழித்துத் தெரியும், அவ்வளவுதான்.

இன்னொரு வரி, "பதிவேட்டைக் காட்டி" என்பது. படிப்படியாகப் பணம் குறைகிற திட்டத்தில் சண்டை வருவது ஒரே இடத்தில்தான்: "நான் சொல்லிட்டுத்தான் போனேன்." அதனால் மேனேஜரிடம் ஒரு தனி நோட்டு வைக்கச் சொன்னேன். யார், எந்தத் தேதிக்கு, எப்போது சொன்னார், ஊழியரின் கையெழுத்து, அவ்வளவு போதும். போனில் சொன்னால் மறுநாள் வந்ததும் கையெழுத்து. வருகைப் பதிவேட்டில் ஒயிட்னர் அடித்த இடம் ஒன்று இருந்தாலும் ஊழியர் அதை நம்ப மாட்டார், ஆய்வாளரும் நம்ப மாட்டார். தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இஎஸ்ஐ பற்றி ஒரு வார்த்தை. மாதாமாதம் கொடுக்கிற வருகை ஊக்கத்தொகை இஎஸ்ஐ கணக்கில் சம்பளம்தான். முழு ஊக்கத்தொகை வாங்கும் ஊழியருக்கு 14,700-க்கு 0.75 சதவீதம், அதாவது 111 ரூபாய் பிடிக்கப்படும். முன்பு 102. கையில் வருவது 14,589. இந்த ஒன்பது ரூபாய் வித்தியாசத்தை முதல் சம்பளத்துக்கு முன்னாடியே வாய்வழியாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "1,200-னு சொன்னாங்க, 1,191-தான் வந்திருக்கு" என்று பேச்சு கிளம்பும். சம்பளச் சீட்டிலும் ஊக்கத்தொகை தனி வரியாக வரட்டும்.

முதலாளி பக்கத்தில் ஆளுக்கு 1,200-உம், அதன் மேல் 3.25 சதவீத இஎஸ்ஐ பங்கு 39-உம். பதினாலு பேரும் முழுசாக வாங்கினால் மாதம் 17,346. பதிலுக்கு ஆள் வைக்கிற செலவு மிச்சமாகும் என்று அவர் நினைத்தார். ஆனால் அவர் கடையில் மாதம் சுமார் 20 நாள், நாளுக்கு 700 கொடுத்துத் தற்காலிக ஆள் வைக்கிறார். அது 14,000. வராதவர்களிடம் பிடிக்கிற 20 நாள் சம்பளமே 10,380 வந்துவிடுகிறது. ஆகவே அவருக்கு உண்மையில் கூடுதலாக ஆகிற செலவு 3,620 மட்டும். அதை வைத்துப் பார்த்தால் இந்தத் திட்டம் கட்டுப்படியாகாது. கட்டுப்படியாக வேண்டும் என்றால் அது முகூர்த்த நாள் விற்பனையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் மூணு மாதத்துக்குப் பில் புத்தகத்தில் முகூர்த்த நாள் விற்பனையைத் தனியாக எழுதி, போன வருஷம் அதே முகூர்த்தங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

புதுக் கடிதத்தை அவர் போர்டில் மட்டும் ஒட்டவில்லை. கடை மூடிய பிறகு எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். அந்த அக்கா கேட்ட கேள்வி இந்தத் தடவை ஒன்றுதான்: "மேனேஜர் போன் எடுக்கலைன்னா என்ன செய்யறது அண்ணாச்சி?" நியாயமான கேள்வி. மேனேஜர் எடுக்காவிட்டால் முதலாளியின் போனுக்கு ஒரு மெசேஜ் போதும் என்று கடிதத்தின் அடியில் கையால் எழுதி, அவரே கையெழுத்துப் போட்டார்.