‘மேலும்’ எங்கே வேண்டும்?

மாணவர் கட்டுரையில் ‘மேலும்’, ‘எனினும்’ மிகுந்திருப்பின் நாம் அவற்றை அடித்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். பொருள் குறையவில்லையெனில் அவை வேண்டாதவை. ஜவ்வாது மலை பற்றிய இப்பத்தியைக் காண்போம்:

‘காவலூரில் வானாய்வகம் உள்ளது. மேலும், அங்கு நகர வெளிச்சம் குறைவு. மேலும், அங்கு 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ளது. எனினும், மழைக்காலத்தில் மேகம் வானை மறைக்கும்.’

வெளிச்சக் குறைவு கூடுதல் செய்தியன்று, காரணம். எனவே ‘நகர வெளிச்சம் குறைவாதலால் காவலூரில் வானாய்வகம் அமைந்தது’ என ஒரே வாக்கியமாக்கலாம். அடுத்து, ‘அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது’ என்றால் ‘அங்குள்ள’ என்னும் சுட்டே இரண்டையும் பிணைத்துவிடும். தமிழில் எச்சமும் சுட்டும் செய்யும் இவ்வேலையை ஆங்கிலப் பழக்கத்தால் பிள்ளைகள் மறந்துவிடுகின்றனர். மேகம் மறைப்பது மட்டுமே மெய்யான முரண். அங்கே ‘எனினும்’ நிற்கட்டும்.