மூழ்குவதற்கு முன் தம்பிக்குப் போன பணம்

கேள்வி: நூல் சப்ளை செய்த வகையில் ஒரு கம்பெனி எனக்கு 18 லட்சம் தர வேண்டும். இப்போது அது கலைப்பில் இருக்கிறது. திவால் வழக்கு ஏற்கப்படுவதற்கு 14 மாதம் முன்பு, இயக்குநர் கம்பெனிக்காகத் தன் தம்பியிடம் வாங்கிய 40 லட்சம் கைக்கடனை மட்டும் கம்பெனிப் பணத்தில் அடைத்திருக்கிறார். அப்போதே 50 லட்சம் பெறும் தறிகளை மனைவிக்கு 10 லட்சத்துக்கு விற்றிருக்கிறார். இவற்றை மீட்க முடியுமா?

பதில்: முடியும். தம்பிக்குக் கொடுத்தது முன்னுரிமைப் பரிவர்த்தனை. தறி விற்பனை குறைமதிப்புப் பரிவர்த்தனை. திவால் சட்டம் (2016) வெளியாருக்கு ஓராண்டும், உறவினருக்கு இரண்டாண்டும் பின்னோக்கிப் பார்க்கிறது. கணக்கு, கலைப்பு உத்தரவிலிருந்து அல்ல, தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்ற நாளிலிருந்து. பலரும் தவறுவது இங்கேதான். தம்பியும் மனைவியும் உறவினர் என்பதால் 14 மாதம் வரம்புக்குள் வருகிறது.

கலைப்பாளர் வங்கிக் கணக்கையும் விலை மதிப்பீட்டையும் வைத்துத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போடுவார். முன்னுரிமைக்குக் கெட்ட எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் வழக்கமான வியாபாரத்தில் கொடுத்ததென்று நிரூபணமானால் பணம் திரும்பாது. கைக்கடனுக்கு அந்த வாதம் எடுபடுவது கடினம்.

கலைப்பாளர் தறி விற்பனையைத் தீர்ப்பாயத்தில் சொல்லாவிட்டால் 47ஆம் பிரிவில் நீங்களே மனு போடலாம். மீளும் பணம் கம்பெனிக்கே சேரும். பிணையுள்ள வங்கியும் தொழிலாளரும் முந்துவார்கள், உங்கள் முறை பிறகுதான்.