நோயாளியின் அறை அலங்காரம்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் உம்மாவுக்காக அறையை அழகுபடுத்துகிறோம். பெரும்பாலும் கட்டிலின் தலைமாட்டுச் சுவரைத்தான் அலங்கரிப்போம். அதைப் பார்ப்பவர்கள் விருந்தாளிகள். உம்மா நாளெல்லாம் பார்ப்பது கால்மாட்டுச் சுவரை. பேரப்பிள்ளைகள் வரைந்த படம், தொழுகை நேரம் பார்க்கப் பெரிய கடிகாரம் ஆகியவற்றை அங்கே மாட்டுங்கள்.

தரையில் கம்பளம் வேண்டாம். அதன் ஓரத்தில் வாக்கர் தட்டினால் விழ நேரிடும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை 3 அடி அகலத்துக்கு வழி விடுங்கள். அழகுக்கு வைக்கும் குஷன்களையும் குறையுங்கள். அவற்றில் ஒன்றை முழங்காலுக்கு அடியில் வைத்தால் அப்போதைக்குச் சுகமாயிருக்கும். நாளடைவில் கால் முழுதாக நீட்ட வராமல் போகும். சாம்பிராணிப் புகை இருமலைக் கிளப்பும், அதையும் தவிருங்கள்.

நலம் விசாரிக்க வருவோருக்குக் கால்மாட்டுப் பக்கம் இரண்டு நாற்காலி போதும். உம்மா உடம்பைத் திருப்பாமல் பேசலாம்; கட்டிலில் யாரும் உட்கார மாட்டார்கள். மற்றவர்கள் கூடத்தில் இருக்கட்டும், கூட்டமும் சேராது. வாசலுக்குத் திரை போடுங்கள். ஸலாம் கேட்டதும் முந்தானையைச் சரிசெய்துகொள்ள அவருக்கு அவகாசம் கிடைக்கும்.