பேஸ் பிளேட்டுக்கு அடியில் இருக்கும் நாற்பது மில்லிமீட்டர்

திருப்பூரில் தையல் கூடத்துக்கு மேலே ஒரு மாடி எழுப்பும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆறு இரும்புத் தூண்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 350 மில்லிமீட்டர் சதுரத்தில் பேஸ் பிளேட், நான்கு எம்-24 ஆங்கர் போல்ட். கான்கிரீட் பெடஸ்டல் 450 சதுரம், எம்-25. பிளேட்டை ஷிம் வைத்துத் தூக்கியபின் அடியில் 40 மில்லிமீட்டர் சந்து வருகிறது. அதை மணலும் சிமெண்டும் கலந்து பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். ஒரு பெடஸ்டலில் இரண்டு போல்ட் 12 மில்லிமீட்டர் விலகி நிற்கிறது. கேஸ் கட்டரில் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்கிறார் வெல்டர். இருவர் சொல்வதையும் கேட்கலாமா?”

இரண்டுமே வேண்டாம். முதலில் சந்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாமல் போவது அதுதான்.

உங்கள் தூண் ஒன்றுக்குச் சுமார் 20 டன், அதாவது 200 கிலோநியூட்டன் வரும் என்று வைத்துக்கொள்வோம். பிளேட்டின் முழுப் பரப்பும் கீழே உட்கார்ந்திருந்தால் கான்கிரீட் மீது விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 1.6 நியூட்டன்தான். எம்-25 கான்கிரீட்டுக்கு 11 வரை தாங்கும் என்று கணக்கில் எடுப்பது வழக்கம், ஆகவே கவலையே இல்லை. அதே சுமை 50 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு ஷிம் துண்டுகள் வழியாக மட்டும் இறங்கினால் அழுத்தம் 20 ஆகிவிடுகிறது. ஷிம்முக்கு அடியில் கான்கிரீட் நொறுங்கத் தொடங்கும். ஷிம்களுக்கு இடையே பிளேட்டும் வளையும்.

கொத்தனாரின் கலவையில் நடப்பது இதுதான். கரண்டியால் நான்கு பக்கமும் திணித்தால் ஓரத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் இறுகும். தூண் நேராக நிற்கும் நடுப்பகுதிக்குக் கலவை போய்ச் சேராது. போய்ச் சேர்ந்த கலவையும் காயும்போது சுருங்கி பிளேட்டை விட்டு விலகும். வெளியே பார்த்தால் பூச்சு அழகாக இருக்கும். உள்ளே சுமை ஷிம்களின் தலையிலேயே நிற்கும்.

சுருங்காத கிரவுட் என்று 25 கிலோ பையில் கிடைக்கும். பெடஸ்டலின் முழு அகலத்துக்கும் 40 மில்லிமீட்டர் உயரம் என்றால் உங்களுக்கு ஒரு தூணுக்குத் தேவை 8 லிட்டர். ஒரு பையைக் கலந்தால் பொதுவாக 12 லிட்டருக்குக் குறையாமல் வரும். தூணுக்கு ஒரு பை என்று வாங்கிக்கொள்ளுங்கள், பையை அரையாகப் பிரித்துக் கலக்க வேண்டாம். ஏற்றி இறக்கும்போது பொடியும் மணலும் பைக்குள்ளேயே தனித்தனியாகப் பிரிந்திருக்கும். தண்ணீர் பையில் அச்சிட்ட அளவுதான். பெரும்பாலும் நாலு, நாலரை லிட்டர் என்று இருக்கும். இளக்கமாக ஓட வேண்டும் என்று ஒரு குவளை கூட ஊற்றினால் தண்ணீர் மேலே மிதந்து வந்து பிளேட்டுக்கு அடியில் தங்கும். அது வற்றியதும் அந்த இடம் வெற்றிடம்.

கிரவுட் ஊற்றும் முன்பு பெடஸ்டலின் தலையைக் கொத்திவிட வேண்டும். மேலே படிந்த சிமெண்ட் பால் போய் ஜல்லி தெரியும்வரை கொத்துங்கள். தூசியை ஊதித் தள்ளிவிட்டு, முந்தைய நாளே நனைத்து ஈரமாக வைத்திருங்கள். ஊற்றும் நேரத்தில் தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. பிளேட்டின் அடிப்பக்கத்தில் எண்ணெயோ உரியும் துருவோ இருந்தால் தூணை நிறுத்துவதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். பிறகு அங்கே கை போகாது.

பெடஸ்டலைச் சுற்றிப் பலகை அடித்து, அதன் விளிம்பு பிளேட்டின் அடிமட்டத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் மேலே இருக்கும்படி வையுங்கள். பொருத்துகளில் ஒழுகாதபடி அடைத்துவிடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் பலகையைச் சாய்த்து 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வாய் செய்யுங்கள். ஊற்றுவது அந்த ஒரு பக்கத்திலிருந்துதான். நின்று நின்று ஊற்றாமல், எதிர்ப்பக்கத்தில் பிளேட்டின் விளிம்பு நெடுகக் கிரவுட் எழும்பி வரும்வரை தொடர்ந்து ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும், அதை எடுக்க வழியில்லை. ஓட்டம் மந்தமானால் முன்கூட்டியே அடியில் நுழைத்துவைத்த பட்டையை முன்னும் பின்னும் இழுத்துவிடலாம். வைப்ரேட்டர் வேண்டாம்.

திருப்பூர் வெயிலில் மதியம் பிளேட்டைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் கிரவுட் பாதி தூரம் போவதற்குள் இறுகிவிடும். விடியற்காலையில் ஊற்றுங்கள், நிழலில் வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பிறகு ஈரச் சாக்கைப் போட்டு, குறைந்தது மூன்று நாள் காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது ஊற்றுவது என்பதிலும் தவறு நடக்கிறது. தூண்கள் இரண்டு திசையிலும் தூக்குக்குண்டுக்கு நேராக நின்று, பீம்களும் பிரேசிங்கும் மாட்டி, நட்டுகளை ஸ்பேனரால் கையிறுக்கமாக முடுக்கிய பிறகே கிரவுட். அதற்கு முன்னால் ஊற்றினால், பீம் மாட்டும்போது தூணை அசைக்க நேரும், புதுக் கிரவுட் விட்டுவிடும். ஆனால் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கிரவுட் வலுப்பெற்றிருக்க வேண்டும். ஈரக் கான்கிரீட்டின் முழு எடையும் ஷிம் மேல் விழக் கூடாது. ஷிம்களை அப்படியே உள்ளே விட்டுவிடலாம், பிளேட்டின் ஓரத்திலிருந்து உள்தள்ளி வைத்தால் துரு வெளியே வராது.

இனி விலகிய போல்ட்டுகள். பிளேட்டில் எம்-24-க்கு 30 மில்லிமீட்டர் ஓட்டை போட்டிருந்தால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் தான் இடம். 12 விலகினால் நுழையாது. போல்ட்டைச் சுத்தியால் அடித்தோ, சூடேற்றியோ வளைக்க வேண்டாம். கழுத்துப் பகுதியில் கான்கிரீட் உடையும், வளைந்த போல்ட் இழுவிசை வந்ததும் நிமிரப் பார்க்கும். கேஸ் கட்டரில் கையால் அறுத்த ஓட்டை கோணலாக வாயைப் பிளந்திருக்கும். சாதாரண வாஷர் அதற்குள் அமுங்கிப் போகும், நட்டு எதன் மேலும் சரியாக உட்காராது.

செய்ய வேண்டியது இது. பெடஸ்டலில் போல்ட்டுகள் உண்மையில் நிற்கும் இடத்தை அளந்து வரைந்து, கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அந்த இரண்டு ஓட்டைகளை மட்டும் துளைப்பானால் நீளவாக்கில் பெரிதாக்கலாம். பிளேட்டின் விளிம்புவரை போதிய இரும்பு மிஞ்சுகிறதா என்று அவர் பார்ப்பார். மேலே 12 மில்லிமீட்டர் தடிமனில், பெரிதாக்கிய ஓட்டையை முழுதாக மூடும் அகலத்தில், 26 மில்லிமீட்டர் துளையுடன் ஒரு தகடு வாஷர் வையுங்கள். தூண் நேராகி நின்றபின் அந்தத் தகட்டைச் சுற்றிலும் பிளேட்டோடு வெல்டு செய்யுங்கள். போல்ட்டின் மேல் வெல்டு படக் கூடாது. விலகல் இன்னும் பெரிதாக இருந்தால் துளையிட்டு ரசாயன ஆங்கர் வைப்பது வேறு வழி, அதன் ஆழத்தையும் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த பெடஸ்டல்களுக்கு இந்தத் தொல்லை வராமலிருக்க, பிளேட்டின் ஓட்டைகளையே மாதிரியாக வைத்துத் துளைத்த இரும்பு டெம்பிளேட்டில் நான்கு போல்ட்டையும் மேலும் கீழும் நட்டு போட்டுப் பிடித்து, அதைச் சென்டரிங் பலகையோடு கட்டிவிடுங்கள். கம்பிக்கூண்டில் கட்டுக்கம்பி சுற்றி நிறுத்தினால் கான்கிரீட் கொட்டும் வேகத்தில் நகர்ந்துவிடும்.

கிரவுட் இறுகிய மூன்று, நான்கு நாளுக்குப் பிறகு சிறு சுத்தியால் பிளேட்டை ஓரத்திலிருந்து நடுவரை தட்டிக்கொண்டே போங்கள். நிரம்பிய இடம் கெட்டியாக ஒலிக்கும், வெற்றிடம் டொக்கென்று தனியாகத் தெரியும். அப்படி ஒரு உள்ளங்கை அளவுக்குக் கேட்டால், ஓரத்தைப் பூசி மறைக்காமல் பொறியாளரை அழையுங்கள். பிளேட்டில் சிறு துளையிட்டு எப்பாக்சி செலுத்தி நிரப்ப முடியும், தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன்பு என்றால் அது எளிது. ஒலி சரியாக இருந்தால் நட்டுகளைக் கடைசியாக முடுக்கி, மேலே இரண்டாவது நட்டைப் பூட்டி, பிளேட்டின் விளிம்புக்கு மேலே ஏறிய கிரவுட்டைச் சரிவாக வெட்டிவிடுங்கள். தண்ணீர் அங்கே தேங்காது.