மெட்டு போனாலும் தாளம் நிற்கும்

நம்பிக்கை: சங்கீத ஞானம் என்பது ஒரே திறமை. ஒருவருக்கு அது முழுதாக இருக்கும், அல்லது அடியோடு இருக்காது.

"எனக்குச் சங்கீதத்தில் ஞான சூன்யம்" என்று ஒருவர் சொன்னால், எந்த ஞானம் என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை. கேட்க வேண்டும். ஏனென்றால் அது ஒன்றல்ல. மூளையில் அடிபட்டுப் பாட்டை இழந்தவர்களைக் கவனித்துப் பார்த்ததில்தான் இது தெளிவானது. இந்த இழப்புக்கு 1888-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் க்னோப்லாக் 'அமூசியா' என்று பெயர் வைத்தார்.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் இசபெல் பெரெட்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்த நோயாளிகளில் ஒருவரை மருத்துவ இலக்கியம் ஜி.எல். என்று குறிப்பிடுகிறது. மூளையின் இரண்டு பக்கமும் ரத்தக்குழாய் வீங்கியதால் அவருடைய பொட்டெலும்புக்கு உள்ளே இருக்கும் மூளைப்பகுதி இருபுறமும் சேதமடைந்தது. பேச்சு தேறிவிட்டது, காதும் நன்றாகக் கேட்டது. ஆனால் முன்பு நன்றாகத் தெரிந்த பாட்டுகளின் மெட்டை மட்டும் வாசித்துக் காட்டினால் ஒன்றைக்கூட அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

இதைக் கேட்டதும் அவருக்கு ஸ்வரமே கேட்கவில்லை போலும் என்று தோன்றும். சோதனை வேறு விதமாகச் சொன்னது. சோதனை எளிமையானது. ஒரு சிறிய மெட்டை வாசிப்பார்கள், சற்று இடைவெளி விட்டு மறுபடி வாசிப்பார்கள். இரண்டும் ஒன்றா, வேறா என்று மட்டும் கேட்பவர் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை ஒரே ஒரு ஸ்வரத்தை மாற்றுவார்கள், அந்த மாற்றத்தில்தான் சூட்சுமம். சில சமயம் ஏற வேண்டிய இடத்தில் மெட்டு இறங்கும். சில சமயம் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும், இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவிலான தூரம் மட்டும் மாறும். இன்னொரு வகையில், அந்த மெட்டு எந்த ஸ்வர வரிசையில் அமைந்ததோ அதற்குள் வராத ஸ்வரம் ஒன்று நுழையும். தாளத்துக்குத் தனிச் சோதனை. அதில் ஸ்வரங்கள் மாறாது, அவற்றின் கால அளவு மட்டும் மாறும்.

ஜி.எல். தாளத்தில் தேறினார். மெட்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதும் அவருக்குப் பிடிபட்டது. அந்நிய ஸ்வரம் மட்டும் அவருக்கு உறுத்தவில்லை. எந்த ஸ்வரம் ஆதாரம், மெட்டு எங்கே வந்து நின்றால் நிறைவு என்ற உணர்வு போய்விட்டது. தம்புராவின் ஸட்ஜத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை. இசையில் இப்போது இன்பமே இல்லை என்று அவரே சொன்னார்.

இதற்கு நேர்மாறான ஒருவரைப் பற்றி 1980-இல் மாவ்லோவ் என்ற மருத்துவர் எழுதினார். தொழில்முறை இசைக் கலைஞரான அந்த நோயாளிக்குச் சேதம் இடது மூளையில். ஸ்வரங்களைப் பிரித்தறிவதில் அவருக்குச் சிக்கல் இல்லை. தாளம்தான் தொலைந்திருந்தது. அதுவும் காதுவழித் தாளம் மட்டுமல்ல. வெளிச்சத்தை விட்டுவிட்டுக் காட்டினாலும், தோலில் தட்டினாலும் அந்த அடிகளின் ஒழுங்கு அவருக்குப் பிடிபடவில்லை. ஒருவருக்கு மெட்டு போய்த் தாளம் நிற்க, இன்னொருவருக்குத் தாளம் போய் மெட்டு நிற்கிறது என்றால் மூளை இரண்டையும் வெவ்வேறு வழியில் கையாள்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். ஒருவரை மட்டும் பார்த்திருந்தால், மெட்டு கடினம், தாளம் சுலபம், அதனால்தான் தாளம் தப்பியது என்று சொல்லி முடித்திருக்கலாம்.

நம்பிக்கை: பேச்சு இடது மூளையில், இசை வலது மூளையில்.

இதில் பாதி உண்மை உண்டு. ரஷ்ய இசையமைப்பாளர் விஸ்ஸாரியோன் ஷெபாலின் இடது மூளையில் பக்கவாதம் வந்து பேச்சை இழந்தார். இருந்தும் தொடர்ந்து இசை எழுதினார், 1962-இல் ஐந்தாம் சிம்ஃபனியையும் முடித்தார். வலிப்பு நோய்க்காக மூளையின் ஒரு பகுதியை அறுவைச் சிகிச்சையில் எடுத்தவர்களைப் பற்றி 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் வலது பக்கத்தின் பங்கைக் காட்டியது. வலது பக்கச் செவிப்புறணி பாதிக்கப்பட்டவர்கள், இரண்டு ஒலிகள் வேறு என்பதை மற்றவர்களைப் போலவே சொன்னார்கள். ஆனால் இரண்டாவது ஒலி மேலே போனதா கீழே போனதா என்று சொல்ல, அவர்களுக்கு அந்த வித்தியாசம் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. திசை தெரியாத காதுக்கு மெட்டு எப்படி அமையும்?

ஆனால் அதே 2000-இல் இத்தாலிய மருத்துவர்கள் இன்னொரு நோயாளியை விவரித்தார்கள். கிடார் வாசிக்கும் அந்த இளைஞருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது இடது பக்கத்தில். பேச்சு மீண்டது, தாளம் இருந்தது, மெட்டு போயிற்று. மாவ்லோவின் கலைஞருக்கும் இடது பக்கம்தான். ஆகவே வலது பக்கம் ஸ்வரத்தின் நுட்பத்தில் கூடுதல் பங்கு வகிக்கிறது என்று சொல்லலாம், இசை முழுவதும் அங்கே குடியிருக்கிறது என்று சொல்ல முடியாது.

நம்பிக்கை: மெட்டே தெரியாதவருக்கு இசையில் உணர்ச்சி எப்படி வரும்?

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பூட்டும் விடை இங்கேதான் இருக்கிறது. பெரெட்ஸ் ஆராய்ந்த ஐ.ஆர். என்ற பெண்ணுக்கும் மூளையின் இரு பக்கமும் சேதம். அறிவும் நினைவாற்றலும் பேச்சும் குறையவில்லை. தெரிந்த மெட்டு அடையாளம் தெரியாது. இரண்டு மெட்டுகளை ஒப்பிடச் சொன்னால் தவறுவார். ஆனாலும் பாட்டுக் கேட்பது பிடிக்கும் என்றார்.

அதைச் சரிபார்க்க மேற்கத்தியச் செவ்விசையிலிருந்து 32 சிறு பகுதிகளை எடுத்து, எது மகிழ்ச்சி, எது சோகம் என்று கேட்டார்கள். மற்றவர்களைப் போலவே அவர் சரியாகச் சொன்னார். ஊகித்துச் சொல்லவில்லை என்பதையும் அறிந்தார்கள். வேகத்தை மாற்றினாலும், மேஜரை மைனராக மாற்றினாலும், அவருடைய விடையும் மற்றவர்களுடையதைப் போலவே மாறியது. எந்தப் பாட்டு என்று தெரியாத மனத்துக்கு அது சோகப் பாட்டு என்று தெரிகிறது.

அப்படியென்றால் உணர்ச்சி தனி வழியில் போகிறது, செவிப்புறணியே அதற்கு வேண்டாம் என்று முடிவு கட்டலாமா? 2001-இல் வந்த அடுத்த ஆய்வு அதைத் தடுத்தது. பக்க இசையை அப்படியே விட்டு, முதன்மை மெட்டை மட்டும் அரை ஸ்வரம் தள்ளி வைத்தார்கள். பாடகர் ஒரு சுருதியிலும் ஆர்மோனியம் வேறு சுருதியிலும் போவதைப் போன்ற அவதி அது. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். ஐ.ஆருக்கு அது துளியும் கசக்கவில்லை. அதே பகுதிகளில் மகிழ்ச்சி எது, சோகம் எது என்று மட்டும் சரியாகப் பிரித்தார். உணர்ச்சிக்குள்ளும் ஒரு பிளவு இருக்கிறது. அபஸ்வரத்தின் கசப்பை அறிய, அவரிடம் சேதமான அந்தச் செவிப்புறணி வேண்டியிருக்கிறது. சோகத்தை அறிய, மிச்சம் இருந்ததே போதுமாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்பது மேற்கத்திய இசையில் பழகிய காதின் கணக்கு. இந்தச் சோதனைகளின் மெட்டுகளும் அந்த மரபைச் சேர்ந்தவை. ராகங்களில் ஊறிய ஒருவரைச் சோதிக்க அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வது சரியாகாது.

நம்பிக்கை: இதெல்லாம் எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய்.

தனியாக, வேறு குறையே இல்லாமல் வருவதுதான் அபூர்வம். மூளையின் நடுத் தமனியில் அடைப்பு வந்து பக்கவாதத்துக்கு ஆளானவர்களைப் பின்லாந்தில் சோதித்தபோது, முதல் வாரத்தில் பாதிப் பேருக்கு மேல் அமூசியா இருந்தது. மூன்று மாதத்தில் சிலருக்குச் சரியானது, பலருக்கு நீடித்தது. கை கால், பேச்சு என்று எல்லோரும் கவலைப்படும் அந்த நாட்களில் பாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நோயாளியும் தானாகச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ரேடியோவை அணைக்கச் சொல்கிறார், பாட்டு வெறும் இரைச்சலாக இருக்கிறது என்கிறார் என்றால், அதை மனச்சோர்வு என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் செவித்திறன் சோதனை செய்யுங்கள். அது சரியாக இருந்தால், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை வரிகள் இல்லாமல் வாசித்துக் காட்டி எது என்று கேளுங்கள், பிறகு அதன் வரிகளைப் பாடாமல் படித்துக் காட்டிக் கேளுங்கள். வரியில் பாட்டு தெரிந்து மெட்டில் தெரியாமல் போனால், அதை நரம்பியல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.