கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு படம்

கேள்வி: எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், நண்பனுக்கு ராஜபாளையம். ஒரே நூற்பாலையில் ஃபிட்டராக வேலை பார்த்தோம். இப்போது அவன் துபாய்க்குப் போகிறான். மதுரை விமான நிலையத்து வாசலில் ஒரு படம் எடுத்தேன். ஒரு கையில் பாஸ்போர்ட், மறு கையில் பால்கோவா, முகத்தில் சிரிப்பு. 'மிஸ் யூ நண்பா' என்று எழுதி அழித்துவிட்டேன். இன்ஸ்டாகிராமில் போட என்ன எழுதலாம்?

— வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: அழித்தது நல்லது. அந்த வரியை எந்த ஊர்க்காரரும் எந்த நண்பருக்கும் எழுதலாம். அதோடு, படத்தில் அவர் சிரிக்கிறார், கீழே நீங்கள் அழுகிறீர்கள்; இரண்டும் ஒட்டவில்லை.

முதலில், யாரிடம் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். 'என் நண்பன் துபாய் போகிறான்' என்றால் அது ஊருக்குச் சொல்லும் சேதி. அவரிடமே பேசினால்தான் பாசம் தெரியும். பேசுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவரை நாம் 'போ' என்பதில்லை, 'போயிட்டு வா' என்கிறோம். அனுப்புகிற தைரியமும் திரும்பி வரச் சொல்கிற உரிமையும் அதிலேயே வந்துவிடுகின்றன. அதையே முதலில் வையுங்கள். ஏனென்றால், நீளமாக எழுதினால் முதல் ஓரிரண்டு வரிதான் கண்ணில் படும். மிச்சத்தைப் படிக்க 'more' என்பதைத் தொட வேண்டும்.

அடுத்து உங்கள் இரண்டு ஊர்களையும் உள்ளே இழுங்கள். பால்கோவா படத்திலேயே இருப்பதால் எழுத்தில் வேண்டாம். ஆனால் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிய மாலை உங்கள் ஊரிலிருந்து திருப்பதிக்குப் போகிறதே, அதை வைத்து அவரைச் சீண்டலாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

'போயிட்டு வாடா மாப்ள. எங்க ஊரு மாலை திருப்பதி வரைக்கும் போகுது, உங்க ஊருப் பய துபாய் போகக்கூடாதா? அய்யனார் அருவியில தண்ணி விழுறப்போ லீவு போடு.'

'மாப்ள' என்று கூப்பிடுகிற பழக்கம் உங்களுக்குள் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'சீக்கிரம் வா' என்றால் எப்போது என்று தெரியாது. அவர் ஊர் அருவியில் தண்ணீர் விழுவதைச் சொன்னால் இருவர் மனதிலும் ஒரே இடமும் ஒரே காலமும் வந்து நிற்கும். 'கனவுகள் மெய்ப்படட்டும்', 'சிகரம் தொடு' போன்றவை வேண்டாம். அவை வாழ்த்து அட்டைக்காரர்களின் சொத்து.

இன்னொன்று. பயணச்சீட்டு இல்லாதவரை உள்ளே விடுவதில்லை என்பதால், உங்கள் படம் வெளிவாசலில் எடுத்ததுதான். அவர் உள்ளே போய் எடுத்து அனுப்பும் படத்தில்தான் ஆபத்து. கையிலிருக்கும் போர்டிங் பாஸில் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கும். பார்கோடிலும் அவை உண்டு. அந்த இரண்டையும் வைத்து வேறொருவர் அவருடைய டிக்கெட் விவரத்தைத் திறந்துவிட முடியும். எந்தப் படமானாலும் போடுவதற்கு முன் விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். பாஸ்போர்ட்டின் உள்பக்கமோ பார்கோடோ தெரிந்தால் வெட்டிவிட்டுப் போடுங்கள்.